முதல் செக்கப்பில் என்ன நடக்கும்?

"எனக்கு இது முதல் பிரசவம். அடுத்த வாரம் முதல் செக்கப். அங்கே என்ன கேட்பார்கள், என்ன எடுப்பார்கள்? வெறும் வயிற்றோடு போகணுமா? சிஸ்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

வெறும் வயிற்றோடு வராதேம்மா, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வா. சென்னையில் ஒரு மகப்பேறு மையத்தில் நர்ஸாக இருக்கிறேன். மயக்கம் போட்டு பெஞ்சில் படுக்கவைக்கும் பெண்கள் பெரும்பாலும் பட்டினியாக வந்தவர்கள்தான்.

உட்கார்ந்ததும் நாங்கள் கேட்பது, கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று. நின்ற நாளோ, தள்ளிப்போன நாளோ இல்லை, ஆரம்பித்த நாள். அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. ஜூன் 10 என்றால் மார்ச் 17.

இதில் எப்படித் தப்பு வரும் தெரியுமா? ஆகஸ்ட் 21 அன்று ஒரு பெண் வந்து "ஜூலை 10" என்றாள். அந்தக் கணக்கில் ஆறு வாரம். "எப்பவும் போல பட்டுச்சா?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர், ரெண்டு நாள் லேசா கறைதான்." அது பீரியட்ஸே இல்லை. கரு தங்கியபின் சிலருக்கு அப்படிப் படுவதுண்டு. அதற்கு முந்தையது ஜூன் 10. ஸ்கேனும் பத்து வாரம் என்றது.

கேட்காமல் விட்டிருந்தால்? குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். ஜூலைக் கணக்கை நம்பி 12 வாரம் என்று அக்டோபர் 2க்கு நாள் குறித்திருப்போம். உண்மையில் அன்று 16 வாரம் தாண்டியிருக்கும். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவளா நீ? அதை மறைக்காமல் சொல், உனக்கு ஸ்கேன் தேதியைத்தான் நம்புவோம்.

அப்புறம் எடை, உயரம், பிரஷர், யூரின். ரத்தம் எடுப்பது ஹீமோகுளோபின் (11க்குக் கீழே போனால் ரத்தசோகை), ரத்த வகை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் இதற்கெல்லாம். எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாருக்கும் உண்டு, உன்னைச் சந்தேகப்பட்டு எடுப்பதாக நினைக்காதே. உன் வகை நெகட்டிவ் என்றால் வீட்டுக்காரர் ரத்த வகையும் தேவைப்படும், அவரையும் கூட்டி வா.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கித் தருவோம். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. திகட்டும், மடக்கென்று குடிக்காமல் ஐந்து நிமிடத்தில் மெல்லக் குடி. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் உடனே சொல், இன்னொரு நாள் எடுப்போம். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அளவு குறைவாகக் காட்டிவிடும்.

ஆதார் கார்டை மறந்துவிடாதே. கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கிடைக்கும் பிக்மி எண்ணுக்கு அது வேண்டும், அந்த எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.