விடுமுறையில் ஜவுளிக்கடை வேலை: காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நிற்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 16 வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய் தருகிறார்கள், காலை 10 முதல் இரவு 9 வரை. யாராவது கேட்டால் 18 வயது என்று சொல்லச் சொன்னார் ஓனர். பட்டாசு ஆலையில் லேபிள் ஒட்டவும் கூப்பிடுகிறார்கள். எதற்குப் போகலாம்?

பதில்: தம்பி, பட்டாசு ஆலைக்குப் போக வேண்டாம். 14 முடிந்து 18 ஆகாதவர்களை வெடிபொருள், தீப்பற்றும் பொருள் சார்ந்த தொழில்களில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. லேபிள் ஒட்டுவது சின்ன வேலைதான். ஆனால் பக்கத்து அறையில் வெடிமருந்து இருக்கிறதே! மீறுகிற முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஜவுளிக்கடையில் உன் வயதில் வேலை செய்யலாம். தப்பு அந்த நேரத்தில்தான் இருக்கிறது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அப்புறம் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை.

ஓனரிடம் இப்படிக் கேட்டுப் பார்: மதியம் 1 முதல் 4 வரை வேலை, 4 முதல் 5 வரை ஓய்வு, 5 முதல் 7 வரை வேலை. சட்டத்துக்குள் சரியாக அடங்குகிறது. மாலைக் கூட்டத்துக்கு அவருக்கும் ஆள் கிடைக்கும். சம்பளம் குறையும்தான். சாப்பாட்டு நேரம் போக 10 மணி நேரத்துக்கு 9,000 என்றால், 5 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4,500 வரும். கடைகளுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி உண்டு, அதற்குக் கீழே போகிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த '18 வயது' பேச்சுதான். உன்னை வேலைக்கு வைத்தால் ஓனர் 30 நாளுக்குள் தொழிலாளர் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும், உன் பெயரையும் பிறந்த தேதியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பொய் சொல்லச் சொல்கிறார். நாளை ஏணியிலிருந்து விழுந்தாலோ சம்பளம் வராமல் போனாலோ, நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கே சாட்சி இருக்காது. வேறொருவர் ஆதாரைக் கொடுக்கச் சொன்னால் அந்தக் கடையை அப்போதே விட்டுவிடு.

சேர்ந்தால், வேலைக்குப் போன தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதி வை. சம்பளத்தை உன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல். பணம் தராமல் இழுத்தடித்தால் அப்பா அல்லது அம்மாவோடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடு. மைனர் என்பதால் செய்த வேலைக்குக் கூலி இல்லாமல் போகாது. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழை.