நேரத்தைக் குறைத்தால் எந்தக் காட்சியை விடுவது?

"30 நிமிட நாடகம். மேடையேறும் நேரத்தில் 20 நிமிடம்தான் என்கிறார்கள். மூன்றாம் காட்சியைத் தூக்கினால் முடிவு புரியாமல் போகிறது."

முடிவுக்குத் தேவையான எதுவும் மூன்றாம் காட்சியில் பிறக்கக் கூடாது. அதை முதல் காட்சிக்கு நகர்த்துங்கள்.

அநேகமாக ஒரு பொருளோ பெயரோ அங்கேதான் முதன்முதலில் வருகிறது. கடைசியில் அப்பா மகளிடம் சாவியைக் கொடுக்கிறார், அந்தச் சாவியை மூன்றாம் காட்சியில்தான் பார்த்தோம் என்று வையுங்கள். காட்சி போனால் அது வெறும் இரும்பு. முதல் காட்சியிலேயே அவர் அதை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும், போதும். வசனம்கூட வேண்டாம்.

கதை தெரியாத ஒருவருக்கு அந்தக் காட்சி இல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். "யார் இது?" என்று கேட்கும் இடம்தான் ஓட்டை. அப்படியே கடிகாரம் வைத்து அளந்து, ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் நிமிடத்தை எழுதிவிடுங்கள். பக்கக் கணக்கை நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: மூன்றாம் காட்சி ஓடும்போது யாராவது உடை மாற்றுகிறார்களா? அப்படியானால் காட்சியோடு அந்த அவகாசமும் போய்விடும். எங்கள் நடிகர் ஒருமுறை பாதிச் சட்டையோடு வந்து நின்றார். இசை போடுபவரிடமும் விடுபடும் காட்சியைக் குறித்த பிரதி இருக்கட்டும்.