பெற்றோர் இருவரும் பாசிட்டிவ், மகள் மட்டும் ஓ நெகட்டிவ்: எங்கள் ரத்தம் அவளுக்குச் சேராதா?

*என் ரத்த வகை ஏ பாசிட்டிவ். கணவருக்கு பி பாசிட்டிவ். எங்கள் எட்டு வயது மகளுக்கு முதுகெலும்பு வளைவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. அதற்காகச் சோதித்ததில் அவளுக்கு ஓ நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. எங்கள் இருவரிடமும் இல்லாத வகை அவளுக்கு எப்படி வந்தது என்று வீட்டிலேயே பேச்சு எழுகிறது. சோதனை தவறா? பெற்றவர்களான எங்கள் ரத்தத்தையே அவளுக்கு ஏற்றக் கூடாது என்கிறார்கள். ஏன்?*

முதலில் வீட்டுப் பேச்சை நிறுத்துங்கள். ஏ பாசிட்டிவ் தாய்க்கும் பி பாசிட்டிவ் தந்தைக்கும் ஓ நெகட்டிவ் குழந்தை பிறப்பது முற்றிலும் இயல்பானது.

ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இந்த மரபணுவின் வேலை, சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அடிப்படைச் சர்க்கரைத் தொடரின் நுனியில் இன்னொரு சர்க்கரையை ஒட்டுவது. ஏ மரபணு ஒரு விதமான சர்க்கரையை ஒட்டும், பி மரபணு வேறொன்றை ஒட்டும். ஓ மரபணுவோ எதையும் ஒட்டாது. அதனால் ஒருவரிடம் ஏ ஒன்றும் ஓ ஒன்றும் இருந்தாலும் சோதனையில் ஏ மட்டுமே தெரியும். ஓ இருப்பதற்கான அடையாளம் எதுவும் அணுவின் மேல் இருக்காது.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது இதிலிருந்து தனியானது. சிவப்பணுவின் உறையில் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அதற்கான மரபணு வேறொரு குரோமோசோமில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் பிள்ளைகளுக்குப் போகின்றன. டி மரபணு ஒரே ஒரு பிரதி இருந்தாலே புரதம் உருவாகிவிடும். ஆகவே பாசிட்டிவ் என்று அட்டையில் உள்ளவர் ஒரு வெற்றுப் பிரதியையும் சுமந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் மகளின் முடிவு உங்கள் இருவரைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது. உங்களிடம் ஏயுடன் ஓ இருக்கிறது, கணவரிடம் பியுடன் ஓ இருக்கிறது. இருவரிடமும் டி ஒரு பிரதிதான். இருவரும் ஓவையே கொடுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இருவரும் டி இல்லாத பிரதியையே கொடுக்கும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. இரண்டும் ஒரே குழந்தையில் சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அரிதுதான், ஆனால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்கு ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவும் சம வாய்ப்போடு வரலாம்.

நாங்கள் யோசிக்கத் தொடங்குவது வேறு சேர்க்கைகளில். பெற்றோரில் ஒருவர் ஏபி, குழந்தை ஓ என்று வந்தால், அல்லது இருவரும் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று வந்தால் கேள்வி எழும். அப்போதும் முதல் சந்தேகம் மாதிரிக் குழாயில் பெயர் மாறியதா என்பதுதான். அதற்கடுத்து, 1952-ல் பம்பாயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பம்பாய் வகை நினைவுக்கு வரும். அந்த வகையினரிடம் மேலே சொன்ன அடிப்படைச் சர்க்கரைத் தொடரே முழுமை பெறாது. அதனால் ஏ, பி மரபணு இருந்தும் ஒட்ட இடமில்லாமல், வழக்கமான சோதனையில் ஓ போலத் தெரிவார்கள். ஆனால் ஓ ரத்தம் அவர்களுக்குச் சேராது. ரத்த வங்கியில் ஓ பைகள் எல்லாமே ஒருவருடைய மாதிரியோடு முரண்பட்டால் இதைத் தேடுவோம்.

இனி, உங்கள் ரத்தத்தை ஏன் ஏற்றக் கூடாது என்பதற்கு வருகிறேன்.

ஏ, பி சர்க்கரைகளைப் போன்ற அமைப்பு குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமும் உண்டு. குழந்தை பிறந்த சில மாதங்களில் அவற்றைச் சந்திக்கும் உடல், தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக எதிர்ப்பொருட்களை உருவாக்கிவிடுகிறது. உங்கள் மகளிடம் ஏயும் இல்லை, பியும் இல்லை. ஆகவே இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருட்கள் அவள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இப்போதே தயாராக இருக்கின்றன. இதற்கு முன் அவளுக்கு ரத்தமே ஏற்றியதில்லை என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது.

உங்கள் ஏ வகை ரத்தம் அவள் நரம்பில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் சில மில்லிலிட்டர்களிலேயே அவளுடைய எதிர்ப்பொருட்கள் உங்கள் சிவப்பணுக்களின் மேல் போய் ஒட்டும். சோதனைத் தட்டில் இது அணுக்கள் கட்டிகட்டியாகத் திரள்வதாகத் தெரியும். அதனால்தான் பொருந்தாத ரத்தம் உள்ளே போய் உறைந்து அடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடலுக்குள் நடக்கும் முக்கியச் சேதம் வேறு. ஒட்டிய எதிர்ப்பொருட்கள் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையைத் தூண்டுகின்றன. அது சிவப்பணுவின் உறையில் துளை போடுகிறது, அணு ரத்தக் குழாய்க்குள்ளேயே வெடிக்கிறது. உள்ளிருந்த ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கொட்டுகிறது.

வெளியே கொட்டிய ஹீமோகுளோபின், ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பறித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அதன் நுண்குழல்கள் பாதிக்கப்படுகின்றன. காம்ப்ளிமென்ட் துண்டுகளால் ரத்த அழுத்தம் சரிகிறது. உறைதல் அமைப்பு கட்டுப்பாடின்றித் தூண்டப்பட்டு, உறைவதற்கான பொருட்கள் தீர்ந்துபோய், பிறகு எங்கெங்கும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. ஏற்றிய அணுக்கள் ஆக்சிஜன் சுமப்பதற்கு முன்பே அழிவதோடு, அழிந்த எச்சம் நோயாளியையே தாக்குகிறது. ஒரு பை முழுக்க ஏற வேண்டும் என்றில்லை. பெரியவர்களிலேயே சில பத்து மில்லிலிட்டர்கள் உயிருக்கு ஆபத்தாகியிருக்கின்றன.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் விஷயம் இப்படி உடனே வெடிப்பதில்லை. டி புரதத்துக்கு இணையானது பாக்டீரியாவிடம் இல்லாததால், அதற்கான எதிர்ப்பொருள் மகளிடம் இப்போது இருக்க வாய்ப்பில்லை. அவளுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் தவறுதலாக ஏற்றப்பட்டால் அன்று பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஏற்றிய அணுக்கள் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் அடுத்த வாரங்களிலோ மாதங்களிலோ அவள் உடல் டிக்கு எதிர்ப்பொருள் உருவாக்கக் கற்றுக்கொள்ளலாம். எல்லோரும் உருவாக்குவதில்லை. உருவாக்கியவரிடம் அந்த நினைவு வாழ்நாள் முழுக்க நிற்கும்.

அவள் பெண் குழந்தை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டிக்கு எதிரான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடக்கக் கூடிய சிறிய வகையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அவள் வயிற்றில் பாசிட்டிவ் கரு வளர்ந்தால், அதன் சிவப்பணுக்களை இந்த எதிர்ப்பொருள் அழிக்கும். கருவுக்குக் கடும் ரத்தசோகை வரலாம், பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றலாம். கர்ப்ப காலத்தில் போடும் ஆன்டி-டி ஊசி எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்க மட்டுமே உதவும், உருவான பிறகு பயன் தராது. ஆகவே நெகட்டிவ் ரத்தம் கையிருப்பில் குறைந்து, உயிர் காக்கும் அவசரம் வந்தால், முதிய ஆண் நோயாளிக்கு நாங்கள் ஓ பாசிட்டிவ் கொடுக்கத் தயங்குவதில்லை. ஒரு சிறுமிக்கு அந்த முடிவைக் கடைசி வழியாகத்தான் எடுப்போம்.

சரி, உங்களில் ஒருவர் ஓ நெகட்டிவாகவே இருந்திருந்தால்? அப்போதும் பெற்றோர் ரத்தத்தை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். தானம் செய்த ரத்தத்தில் உயிருள்ள வெள்ளையணுக்களும் இருக்கும். அந்நியருடையவை என்றால் நோயாளியின் உடல் அடையாளம் கண்டு அழித்துவிடும். நெருங்கிய உறவினருடையவை திசு அடையாளத்தில் ஒத்திருப்பதால் தப்பிப் பெருகி, நோயாளியின் எலும்பு மஜ்ஜையையும் தோலையும் குடலையும் தாக்கக் கூடும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். உறவினர் ரத்தத்தைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்ற வேண்டும்.

ஒன்று கூடுதலாகச் சொல்லலாம். பிளாஸ்மாவுக்குக் கணக்கு தலைகீழ். உங்கள் பிளாஸ்மாவில் பிக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு, ஆனால் மகளின் சிவப்பணுக்களில் தாக்குவதற்கு பி இல்லை. ஓ வகையினர் எந்த வகைப் பிளாஸ்மாவையும் ஏற்கலாம். அறுவை சிகிச்சையில் அதிக ரத்த இழப்பு ஏற்பட்டு பிளாஸ்மா தேவைப்பட்டால் வகை ஒரு தடையாகாது. தேட வேண்டியது ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களைத்தான்.

அதை இப்போதே தொடங்குங்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் ரத்த இழப்பு கணிசமாக இருக்கும். ரத்த வங்கிக்குச் சில வாரங்கள் முன்பே தேதியைத் தெரிவித்தால் ஓ நெகட்டிவ் கொடையாளர்களை அழைக்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளில் மகளின் வகை உறுதிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். உங்கள் முதல் கேள்விக்கும் அதுவே இறுதி விடை. வகை பார்த்ததோடு நில்லாமல், பிற எதிர்ப்பொருட்களுக்கான சோதனையும், ஏற்றப்போகும் ஒவ்வொரு பையும் அவள் மாதிரியோடு முரண்படுகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்சும் நடக்க வேண்டும். காயத்தில் சேரும் அவளுடைய சொந்த ரத்தத்தையே கழுவித் திரும்ப ஏற்றும் கருவி அங்கே உண்டா என்று மயக்க மருத்துவரிடம் கேட்கலாம். இருந்தால் வெளியிலிருந்து தேவைப்படும் அளவு குறையும். நீங்களும் கணவரும் தகுதியிருந்தால் ரத்த வங்கியில் கொடுங்கள், அது வேறு நோயாளிக்குச் சேரும்.

வகை மாறி ஏறும் சம்பவங்கள் பெரும்பாலும் ஆய்வகம் வகையைத் தவறாகக் கண்டதால் நடப்பதில்லை. ஒருவரின் மாதிரி இன்னொருவர் பெயரில் போவதாலும், சரியான பை தவறான கட்டிலுக்கு வருவதாலும் நடக்கின்றன. மாதிரி எடுக்கும்போது குழாயில் பெயரும் பதிவு எண்ணும் அவள் பக்கத்திலேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். வார்டில் ரத்தம் ஏற்றும்போது கைப்பட்டையில் உள்ள எண்ணையும் பையின் எண்ணையும் இருவர் ஒப்பிட வேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, செவிலியர் அருகிலேயே இருப்பார். அந்த நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், இடுப்பிலும் முதுகிலும் வலி, இனம்புரியாத பயம் ஆகியவற்றில் எதை மகள் சொன்னாலும் உடனே செவிலியரை அழையுங்கள். அவர்கள் ஏற்றுவதை நிறுத்தி, நரம்பு வழியை உப்பு நீரால் திறந்து வைத்து, பையையும் புதிய மாதிரியையும் ரத்த வங்கிக்கு அனுப்புவார்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தை எதையும் சொல்ல முடியாது. அப்போது மருத்துவர்கள் கவனிப்பது, காரணமின்றிச் சரியும் ரத்த அழுத்தத்தையும், காயத்தில் நிற்காத கசிவையும், சிறுநீர் சேகரிக்கும் பையில் இறங்கும் சிவந்த அல்லது கறுத்த சிறுநீரையும்தான்.