பத்து நிமிட ஸ்கிரிப்டிலிருந்து 60 வினாடி ரீல்ஸ்

கேள்வி: பத்து நிமிட விளக்க வீடியோவுக்கு எழுதிய ஸ்கிரிப்டை 60 வினாடி ரீல்ஸாகச் சுருக்க வேண்டும். எதை வெட்டினாலும் சொல்ல வந்த விஷயமே போய்விடுகிறது. எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் அந்தப் பெரிய ஃபைலை மூடிவிடுங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக அடித்துக்கொண்டு போகும்வரை இது நடக்கத்தான் செய்யும். விளக்க ஸ்கிரிப்டில் முடிவுகள் சின்ன வாக்கியங்களாக இருக்கும், காரணங்கள் பத்திக் கணக்கில் நீளும். நீளமானதைத் தேடி அடித்தால் முதலில் போவது காரணம்தான். மிஞ்சுவது முடிவுகளின் பட்டியல். பார்ப்பவருக்கு அது அறிவுரை மாதிரிக் கேட்கும், விளக்கமாக இருக்காது. போதாததற்கு, வெட்டாமல் விட்ட வரிகளில் 'இந்த முறையில்', 'மேலே சொன்ன தொகை' என்று வெட்டிப்போன வரிகளைச் சுட்டும் சொற்கள் அநாதையாக நிற்கும்.

நான் கடன், வரி, காப்பீடு பற்றிய விளக்க வீடியோக்களுக்கு எழுதுகிறேன். அதிலிருந்து ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஃபிளாட் வட்டிக்கும், அதாவது வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டிக்கும், குறையும் அசலுக்குப் போடும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயம். பெரிய வீடியோவில் வட்டி என்றால் என்ன, இரண்டு முறைகளின் விளக்கம், இ.எம்.ஐ. சூத்திரம், பன்னிரண்டு மாத அட்டவணை, பிராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் என்ன ஆகும், கடைசியில் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவரத் தாள், எல்லாம் உண்டு.

ஃபைலை மூடியதும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன். அதில் ஒரு காரணமும், பார்ப்பவர் செய்யவேண்டிய ஒரு காரியமும் இருக்கவேண்டும். இது சுலபமில்லை, நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகும். 'ஃபிளாட் வட்டி ஏமாற்று வேலை' என்பதுதான் முதலில் வரும். சூடாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அது சட்டவிரோதமல்ல, கணக்குப் போடும் ஒரு முறை, அவ்வளவுதான். அடுத்து 'ஃபிளாட் முறையில் வட்டி அதிகம்' என்று வரும். உண்மைதான், ஆனால் ஏன் என்பதும் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய என்பதும் இல்லை. கடைசியில் நின்றது இது: 'ஃபிளாட் முறையில் ஏற்கெனவே திருப்பிக் கட்டிய அசலுக்கும் வட்டி போகிறது, அதனால் சொல்லும் சதவீதத்தை விட்டுவிட்டு ஏ.பி.ஆர். எவ்வளவு என்று பாருங்கள்.' ஏ.பி.ஆர். என்பது கட்டணங்களையும் சேர்த்துக் கடனுக்கு உண்மையில் ஆகும் வருட விகிதம்.

இப்போது பெரிய ஸ்கிரிப்டைத் திறக்கலாம். ஒவ்வொரு பகுதியிடமும் ஒரே கேள்விதான்: இது இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை யாராவது நம்ப மறுப்பார்களா? வட்டி என்றால் என்ன என்ற முன்னுரை, வேண்டாம். இ.எம்.ஐ. சூத்திரம், வேண்டாம், அது தெரியாமலே நம்பலாம். பிராசஸிங் கட்டணமும் முன்கூட்டி அடைப்பதும் வேறு விஷயங்கள்.

அட்டவணையில்தான் சரக்கு இருந்தது. ஒரு லட்சம் ரூபாய், ஒரு வருடம், 12 சதவீத ஃபிளாட். மொத்த வட்டி 12,000, அதாவது மாதம் 1,000. அசல் மாதம் 8,333. தவணை 9,333. பன்னிரண்டு வரிசையையும் காட்டினால் ஒரு நிமிடம் அதற்கே போய்விடும். வேண்டியது முதல் வரிசையும் கடைசி வரிசையும்தான். முதல் மாதம் கையில் ஒரு லட்சம், வட்டி 1,000. நியாயம். கடைசி மாதம் பாக்கி அசல் வெறும் 8,333, அதற்கும் வட்டி அதே 1,000. இதைக் கேட்டதும் எவருக்கும் சுருக்கென்று இருக்கும். பெரிய வீடியோவில் இது பாதிக்கு மேல் எங்கோ, அட்டவணையின் அடியில் கிடந்தது. ரீல்ஸுக்கான முதுகெலும்பு பெரிய ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அநேகமாக இருக்காது, ஏனென்றால் அங்கே நாம் பொறுமையாகத் தளம் போட்டுக்கொண்டிருப்போம். உங்கள் ஸ்கிரிப்டிலும் உதாரணங்கள், அட்டவணைகள் இருக்கும் பக்கமாகத் தேடுங்கள்.

பிறகுதான் நீளம். நிமிடத்துக்கு 150 சொல் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் சொற்கள் நீளம், 'கையெழுத்துப்போடுவதற்கு' என்பதே ஒரு மூச்சு. நிதானமாகப் பேசினால் நூறு சொல்லை ஒட்டித்தான் வரும். உங்கள் வேகத்தைக் கண்டுபிடிக்க, உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு பக்கத்தைப் போனில் பேசிப் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். மனசுக்குள் படித்துப் பார்ப்பது செல்லாது, மனசு வேகமாக ஓடும்.

இன்னொன்று, எண்கள். 8,333 என்று தாளில் ஒரு சொல்தான். வாயால் சொல்லும்போது 'எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று'. இப்படி நாலு எண் வந்தால் எட்டுப் பத்து வினாடி காலி. அதனால் துல்லியமான எண் திரையில் எழுத்தாக வரட்டும், குரல் 'எட்டாயிரத்துச் சொச்சம்' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். நிறையப் பேர் சத்தமில்லாமலும் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவும். எழுத்தைத் திரையின் அடிப்பக்கத்திலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள். அங்கே லைக், ஷேர் பொத்தான்களும் கணக்குப் பெயரும் வந்து மூடிவிடும்.

கடைசியில் வந்த ஸ்கிரிப்ட் இது. பேச்சுத் தமிழில்தான் எழுதுவேன், எழுத்துத் தமிழில் எழுதிவிட்டுப் பேசும்போது மாற்றினால் நீளக் கணக்கு தப்பிவிடும்.

'12 பர்சென்ட் ஃபிளாட் வட்டின்னு கடன் தர்றாங்களா? அது உண்மையில 21 பர்சென்டுக்கு மேல.

ஒரு லட்சம் வாங்குறீங்க, ஒரு வருஷத்துல அடைக்கணும். ஃபிளாட்னா முழு லட்சத்துக்கும் கணக்குப் போட்டு மாசம் ஆயிரம் ரூபா வட்டி. முதல் மாசம் சரி. உங்க கையில லட்சம் இருக்கு.

ஆனா மாசாமாசம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுறீங்க? கடைசி மாசம் பாக்கி அசல் எட்டாயிரத்துச் சொச்சம். அதுக்கும் அதே ஆயிரம் ரூபாதான் வட்டி. திருப்பிக் கொடுத்துட்ட பணத்துக்கும் வட்டி கட்டுறீங்க.

பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போடுற கடன்ல, இதே 12 பர்சென்டுக்கு மொத்த வட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலதான்.

அதனால வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, கையெழுத்துக்கு முன்னாடி கே.எஃப்.எஸ்.னு ஒரு தாள் கேளுங்க. அதுல ஏ.பி.ஆர்.னு ஒரு எண் இருக்கும். ரெண்டு கடனை ஒப்பிட அந்த எண்ணைப் பாருங்க.'

சுமார் 90 சொல். 60 வினாடிக்குள் மூச்சு விட இடம் இருக்கிறது, 'அதே ஆயிரம் ரூபாதான்' என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தவும் முடிகிறது. அந்த நிறுத்தத்தை எடிட்டில் வெட்ட விடாதீர்கள். இடைவெளியெல்லாம் வெட்டிவிடும் பழக்கம் எடிட்டர்களுக்கு உண்டு.

திரைக்குப் போனவை: 21.46%, 8,333, 12,000-க்கு எதிரே 6,619. கூடவே '1 வருடக் கடன்' என்ற குறிப்பு, முதல் வரி ஓடும்போதே. இதை விட முடியாது. அதே 12 சதவீத ஃபிளாட் ஐந்து வருடக் கடனாக இருந்தால் உண்மை விகிதம் 20-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். முதல் வரியின் எண் எந்த நிபந்தனையில் சரியோ, அந்த நிபந்தனையும் கூடவே இருக்கவேண்டும். 'வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ' என்பதும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இந்தத் தாளைக் கொடுத்தாகவேண்டும், ஆனால் தெருமுனை வட்டிக்காரரிடம் இதைக் கேட்க முடியாது. மூன்று சொல்தான், எடுத்துவிட்டால் விஷயமே தப்பாகிவிடும். சுருக்கும்போது 'கிட்டத்தட்ட', 'மேல', 'மட்டும்' போன்ற சின்னச் சொற்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றில் கை வைக்காமல் ஒரு முழு உதாரணத்தைத் தூக்குவது மேல்.

சாரம் போய்விட்டதா என்று நாமே பார்த்துச் சொல்ல முடியாது, பத்து நிமிடமும் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, நிறுத்திவிட்டு, 'உங்கள் தம்பியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'கடைசி மாசமும் அதே வட்டி, அந்தத் தாளைக் கேட்கணும்' என்று வந்தால் சரி. 'ஃபைனான்ஸ்ல கடனே வாங்கக்கூடாது' என்று வந்தால் காரணம் விழுந்துவிட்டது, கோபம் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'ஏதோ 21 பர்சென்ட்' என்று வந்தால் எண்கள் அதிகம்.

யூடியூப் ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகிறதே, ஏன் இவ்வளவு கஷ்டப்படவேண்டும் என்று கேட்பீர்கள். 2024 அக்டோபர் முதல் அப்படித்தான். ஆனால் மூன்று நிமிடம் கிடைத்தால் சூத்திரம் திரும்பி உள்ளே வந்துவிடும், என் அனுபவம் அது. முழு வீடியோவுக்கு ஆள் வரவேண்டுமென்றால் 'டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் இருக்கு' என்று சொல்லி இரண்டு வினாடியை வீணாக்காதீர்கள். ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்டிலும் லிங்க் அழுத்த வராது. யூடியூப் ஸ்டுடியோவில் அந்த ஷார்ட்ஸைத் திறந்து, தொடர்புடைய வீடியோ என்ற இடத்தில் பெரிய வீடியோவைச் சேர்த்தால் போதும், அதுவே திரையில் வரும்.

தூக்கிப்போட்டவற்றில் எதையாவது விட மனசு வராவிட்டால் இதற்குள் திணிக்காமல் தனி ரீல்ஸ் ஆக்குங்கள். முன்கூட்டியே கடனை அடைப்பது பற்றிய பகுதியை நான் அப்படித்தான் எடுத்து வைத்தேன். அதற்கும் முதலில் அந்த ஒரு வாக்கியம் கிடைக்கவேண்டும், இன்னும் சரியாக அமையவில்லை.