தினசரி ஆர்டர் திடீர்னு விழுந்தா கத்துற மாதிரி ஒரு சின்ன ரூல்: கேள்வி பதில்

காரைக்குடில ஒரு பலகாரக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் கணக்கு நான்தான் பாக்குறேன். சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல், மாவுருண்டைனு வெளியூர் வெளிநாட்டுக்கெல்லாம் போகும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை 31 ஆர்டர்தான் வந்துச்சு, ஆடிதானே இப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் விட்டுட்டோம். புதன், வியாழனும் அப்படியே. வியாழன் ராத்திரி சிங்கப்பூர்லருந்து ஒரு ஆச்சி போன் பண்ணி "போன்ல பணம் கட்ற பட்டனே அமுங்க மாட்டேங்குதுப்பா, ஊர்ல இருக்க தங்கச்சிக்கும் அப்படித்தானாம்"னாங்க. வெப்சைட்டை அப்டேட் பண்ணப்ப மொபைல்ல மட்டும் யூபிஐ பட்டன் செத்துப் போயிருக்கு, கம்ப்யூட்டர்ல வாங்குறவங்க, கார்டு போடுறவங்க ஆர்டர் வந்துக்கிட்டே இருந்ததால யாருக்கும் சந்தேகமே வரல. அதுக்கப்புறம் போட்ட ரூல்தான் இது, கேட்டவங்களுக்கு ஒவ்வொண்ணா சொல்றேன்.

"அண்ணே, 31-ங்கறது குறைவுன்னு எதை வச்சு முடிவு பண்றீங்க? எங்கருந்து ஆரம்பிக்கணும்?" (தேவகோட்டை, கண்டாங்கி சேலை விக்கிறவங்க)

அதுக்கு முன்னாடி இருந்த பத்து செவ்வாய்க்கிழமைய எடுத்துக்கங்க. எங்க கணக்குல 52, 47, 55, 49, 58, 51, 46, 54, 50, 48. சராசரி 51. இப்ப ஒரு செவ்வாய்க்கும் அடுத்த செவ்வாய்க்கும் எவ்வளவு வித்தியாசம்னு மட்டும் பாருங்க, கூடுனதா குறைஞ்சதான்னு பாக்க வேணாம்: 5, 8, 6, 9, 7, 5, 8, 4, 2. இதோட சராசரி 6. அதாவது எந்தக் கோளாறும் இல்லாத காலத்துலயே வாரத்துக்கு வாரம் ஆறு ஆர்டர் அளவுக்கு ஆடிக்கிட்டுதான் இருக்கும், அது இந்தக் கடையோட இயல்பு. அந்த ஆறை 2.66-ஆல பெருக்குனா 16 வருது, 51-லருந்து 16-ஐ கழிச்சா 35. செவ்வாய்க்கிழமை 35-க்குக் கீழ போனா கத்தணும், அவ்வளவுதான் ரூல். 38 வந்தா மனசு கஷ்டமாதான் இருக்கும், ஆனா கத்தாது, அது கத்தவும் கூடாது.

ஷீட்ல B2-லருந்து B11 வரைக்கும் ஆர்டரைப் போட்டு, C3-ல முதல் வரிய எழுதி C11 வரைக்கும் கீழ இழுத்துடுங்க. ரெண்டாவது வரி எல்லை:

```
=ABS(B3-B2)
=AVERAGE(B2:B11)-2.66*AVERAGE(C3:C11)
```

2.66 எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. பக்கத்துப் பக்கத்து வித்தியாசத்தோட சராசரிய 1.128-ஆல வகுத்தா சிக்மா கிடைக்கும், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சராசரிலருந்து எண்ணுங்க எவ்வளவு ஆடுதுங்கற அளவு, அதுல மூணு மடங்கு தள்ளி எல்லை வைக்கிறோம், 3-ஐ 1.128-ஆல வகுத்தா 2.66. மூணு சிக்மாவுல கோடு போடுற இந்த வழக்கம் 1924-ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக்ல வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் கிட்டருந்து வந்தது. அவரு டெலிபோன் சாமான் தரத்துக்குப் போட்டாரு, நாம சீடைக்குப் போடுறோம், கணக்கு ஒண்ணுதான்.

"இதுக்கு எதுக்கு கிழமை கிழமையா பிரிக்கணும்? கடைசி 30 நாள் சராசரி எடுத்து மூணு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கழிச்சா முடிஞ்சுது. நான் சாஃப்ட்வேர் கம்பெனில அப்படித்தான் செய்றேன்." (காரைக்குடி, இப்ப சென்னைல)

தம்பி, மூணு மடங்கு தள்ளி வைக்கணும்ங்கறது சரி. முப்பது நாளையும் ஒரே பானைல போடுறதுதான் தப்பு. எங்க கடைல வார நாள்ல 51 சுத்தி வரும், சனி ஞாயிறு 90 சுத்தி வரும். எல்லாத்தையும் சேத்தா சராசரி 62 வருது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஏறக்குறைய 18, ஏன்னா சனி ஞாயிறு கூட்டமே அதை ஊதிப் பெருசாக்கிடுது. மூணு மடங்கு கழிச்சா எல்லை 7 கிட்ட வந்து நிக்கும். பட்டன் செத்த அன்னைக்கு வந்த 31 அதுல சத்தமே போடாது. ஞாயித்துக்கிழமை 90 வரவேண்டிய இடத்துல 40 வந்தாலும் போடாது. உங்க கம்பெனில வாரம் பூரா ஒரே மாதிரி டிராஃபிக்னா உங்க முறை ஓடும், இங்க ஓடாது.

அவரே மறுபடியும்: "சரி அண்ணே, கிழமை பிரிச்சுக்கிறேன். ஆனா டீவியேஷனே போதுமே, பக்கத்து வித்தியாசம் எதுக்கு?"

நல்லா ஓடுற காலத்து டேட்டான்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் காட்டும். வியாபாரம் மெதுவா வளர்ந்துக்கிட்டே போனா, பத்து வாரத்து டீவியேஷன் அந்த வளர்ச்சியயும் சேர்த்து ஆட்டம்னு எண்ணிக்கும், எல்லை தேவைக்கு மேல அகலமாயிடும். பக்கத்து வாரத்தோட மட்டும் ஒப்பிட்டா வளர்ச்சி அவ்வளவா உள்ள வராது. நான் அதுக்காகத்தான் இதை வச்சிருக்கேன்.

"20 சதவீதம் குறைஞ்சா அலர்ட்னு வச்சா போதாதா? எங்க அப்பச்சிக்கே புரியும்." (பள்ளத்தூர்)

புரியும், ஆனா அந்த 20 யாரோட 20? எங்க செவ்வாய்க்கிழமை 51-ல 20 சதவீதம் குறைஞ்சா 41-க்குக் கொஞ்சம் கீழ. நல்ல நாள்லயே 46 வரைக்கும் இறங்குற கடைல, அப்பப்ப சும்மா கத்தும். நாலு தடவை சும்மா கத்துனா அஞ்சாவது தடவை யாரும் போனை எடுத்துப் பாக்க மாட்டாங்க, எங்க கடைப் பையன் ஒரு தடவை நோட்டிஃபிகேஷனையே அணைச்சு வச்சிருந்தான். தினம் 2000 ஆர்டர் வர்ற இடமா இருந்தா அதே 20 சதவீதம் ரொம்ப லேட்டு, 400 ஆர்டர் போனப்புறம்தான் கத்தும். கடையோட ஆட்டம் எவ்வளவுன்னு அந்தக் கடைதான் சொல்லணும்.

"போன தீபாவளி வாரமும் என் பத்துக்குள்ள இருக்கு, எல்லை மைனஸ்ல வருது, ஃபார்முலா தப்பா?" (கானாடுகாத்தான்)

ஃபார்முலா தப்பில்ல, உள்ள போட்டது தப்பு. மேல சொன்ன பத்துல 51-ஐ எடுத்துட்டு தீபாவளி முந்துன செவ்வாய்னு 141 போட்டுப் பாருங்க. சராசரி 60 ஆயிடும். 58-லருந்து 141-க்கு 83, அங்கருந்து 46-க்கு 95னு ரெண்டு பெரிய குதி வந்து வித்தியாசத்தோட சராசரி 24-ஐத் தாண்டிடும், 2.66-ஆல பெருக்குனா 65. எல்லை மைனஸ் 5. ஒரு ஆர்டர்கூட வரலன்னாலும் அது கத்தாது. ஒரே ஒரு நல்ல நாள் ரூலையே ஊமையாக்கிடுது.

அதனால காரணம் தெரிஞ்ச நாளை வெளிய எடுத்துடுங்க. தீபாவளி, பொங்கல், கடைய அடைச்ச நாள், தைப்பூசத்துக்கு ஊரே பழனிக்கு நடந்து போற வாரம், எல்லாத்தையும் ஒரு ஓரத்துல குறிச்சு வச்சுக்கங்க. எடுக்க மறந்துட்டாலும் தாங்கணும்னா சராசரிக்குப் பதிலா நடு எண்ணைப் பிடிங்க, அப்ப பெருக்குறது 3.145. அந்த 141 உள்ள இருக்கும்போதே நடு ஆர்டர் 51, நடு வித்தியாசம் 8, எல்லை 26-க்குக் கொஞ்சம் கீழ வரும். 35 அளவுக்குக் கூர்மை இல்ல, ஆனா செத்துப் போகல.

```
=MEDIAN(B2:B11)-3.145*MEDIAN(C3:C11)
```

இன்னொண்ணு, இது முக்கியம். அலர்ட் அடிச்ச 31-ஐ அடுத்த வாரக் கணக்குல சேத்துடாதீங்க. சேத்தா எல்லை தானா கீழ இறங்கி, அடுத்த கோளாறு இயல்பு மாதிரி தெரியும்.

"எனக்கு ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரம், ஒரு நாளைக்கு மூணு ஆர்டர் வந்தாலே பெருசு. இது எனக்கு ஆகுமா?" (ஆத்தங்குடி)

இந்த மாதிரி ஆகாதுண்ணே. சராசரி 3 இருக்கற கடைல எல்லை பூஜ்யத்துக்குக் கீழதான் போகும், கீழ விழுறதுக்கு இடமே இல்ல. ஆர்டர் அதுபாட்டுக்கு தனித்தனியா வருதுன்னு வச்சுக்கிட்டா, சராசரி 3 இருக்கறவங்களுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் ஒண்ணுமே வராம இருக்கறது சகஜம். ஆனா தொடர்ந்து ரெண்டு நாள் சுத்தமா இல்லைங்கறது ஏறக்குறைய 400-ல ஒண்ணு. அதனால உங்களுக்கு "ரெண்டு நாள் சேந்தாப்ல பூஜ்யம்னா பாரு"ன்னு ஒரு வரி போதும். ஞாயிறு லீவுன்னா அதைக் கணக்குல விட்டுடுங்க. அதுவும் உங்க ஆர்டர் இஞ்சினியருங்க மூலமா கொத்தா வர்றதுன்னா இந்த 400 நிக்காது, ஒரு மூணு மாசக் கணக்கைப் பாத்து வெறும் நாள் எத்தனை சேந்தாப்ல வந்திருக்குன்னு எண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

"ஆர்டர் குறைஞ்சா இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் எவ்வளவு போடலாம்? எனக்கு அதிரசம் இந்த மாசம் போகவே மாட்டேங்குது." (கோட்டையூர்)

ஆச்சி, நீங்க கேக்குறது வேற. ஒரு பலகாரம் மாசம் பூரா மெதுவா போறதுக்கும், நேத்து வரைக்கும் நல்லா இருந்தது இன்னைக்கு விழுறதுக்கும் காரணம் வேற வேற, இந்த ரூல் ரெண்டாவதுக்குத்தான். இது கத்துனதும் விளம்பரத்துக்கு ஓடாதீங்க. முதல்ல கணக்கு ஷீட் முழுசா வந்திருக்கான்னு பாருங்க, பாதி ஆர்டர் ஏறாமயே நின்னிருக்கும். அப்புறம் நீங்களே போன்ல ஒரு அரைக்கிலோ ஆர்டர் போட்டு பணம் கட்டிப் பாருங்க. எங்க பட்டன் செத்த மூணு நாள்ல யாராவது ஒருத்தர் அதைச் செஞ்சிருந்தா போதும்.

மெதுவா இறங்குறதைப் பிடிக்க வேற ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு நாளும் அந்தக் கிழமையோட சராசரிக்குக் கீழயா மேலயான்னு மட்டும் குறிங்க. எட்டு நாள் தொடர்ந்து கீழன்னா, காசு சுண்டி எட்டு தடவையும் பூவே விழுற மாதிரி, 256-ல ஒண்ணு. ஆடி மாசத்துல இது நிச்சயம் அடிக்கும், அதுக்கு கோளாறு காரணமில்ல.

"ராத்திரி 12 மணிக்குக் கணக்கு முடிஞ்சாத்தானே தெரியும்? அதுக்குள்ள நாள் போச்சே." (காரைக்குடி, செக்காலை)

நாள் முடியுற வரைக்கும் காத்திருக்க வேணாம். காலை 11 மணி வரைக்கும் எத்தனை, சாயங்காலம் 5 மணி வரைக்கும் எத்தனைன்னு தனித்தனி பத்து செவ்வாய் லிஸ்ட் வச்சுக்கிட்டு அதே கணக்கைப் போடுங்க. 11 மணிக்கு எண் சின்னதா இருக்கும், எல்லை பூஜ்யத்தைத் தொட்டுடும், அதனால பெரிய கோளாறு மட்டும்தான் அப்ப தெரியும். 5 மணிக்கு நல்லா தெரியும். நாங்க 5 மணிய மட்டும் வச்சிருக்கோம், அப்ப அடிச்சா சாயங்கால வியாபாரத்தையாவது காப்பாத்தலாம்.

"அப்ப தீபாவளி வாரத்துலயே பட்டன் செத்தா? அதுதானே பெரிய நஷ்டம்?" (புதுவயல்)

அதுக்கு என்கிட்ட திருப்தியான பதில் இல்ல. தீபாவளி தேதி வருஷா வருஷம் நகருது, அதனால போன வருஷம் தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னாடின்னு எண்ணி ஒப்பிட்டுப் பாக்குறேன், ஆனா அப்படி எண்ணுனா வருஷத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்குது, ரெண்டு மூணு எண்ணை வச்சு எல்லை போடுறது எனக்கு நம்பிக்கையா இல்ல. அந்த பத்து நாள் மட்டும் மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் போன்ல பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போய்ப் பாக்கணும்னு வச்சிருக்கோம். வேற யாராவது இதுக்கு ஒரு கணக்கு போட்டு ஓட்டியிருந்தா சொல்லுங்க.