வாட்ச் கட்டுற இடத்துல அரிப்பு: அழுக்கா, பக்கிளா, தோலா?

கேள்வி: "லெதர் ஸ்ட்ராப் ரெண்டு மூணு மாத்திட்டேன், வேர்த்தா மணிக்கட்டு சிவந்து அரிக்குது. வாட்சை எப்படி கிளீன் பண்றது, எந்த ஸ்ட்ராப் ஒத்துக்கும்?"

வாட்சைக் கழட்டிட்டு தடிப்பு எந்த எடத்துல இருக்குன்னு பாருங்க, பாதி விவரம் அதுலயே தெரிஞ்சிரும். நான் காரைக்குடில வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், சித்திரை வைகாசி வந்தா இந்தக் கேள்வியோட வர்றவங்க நெறய. மணிக்கட்டுக்கு உள்பக்கம், பக்கிள் படுற எடத்துல மட்டும் காசு அளவுக்கு அரிச்சா பெரும்பாலும் பக்கிள் உலோகத்துல இருக்குற நிக்கல் ஒத்துக்கலன்னு அர்த்தம். மேல, வாட்சுக்கு அடில மட்டும் சிவந்து, கழட்டி வச்சா ரெண்டு மூணு நாள்ல தானா ஆறிட்டா அது தேங்குன வேர்வையும் சோப்பும் பண்ற வேலை. ஸ்ட்ராப் போன வழி பூரா பட்டையா தடிச்சிருந்தா ஸ்ட்ராப்லயே ஏதோ ஒத்துக்கலன்னு அர்த்தம்.

எங்க மச்சானுக்கு அப்படித்தான் வந்துச்சு. அவரு ஆத்தங்குடில டைல்ஸ் போடுறவரு, கண்ணாடி மேல கலர் ஊத்தி, சிமெண்ட் மணல் போட்டு அமுக்குற வேலை, நாள் பூரா ஈர சிமெண்ட்லதான் கை. மூணு லெதர் ஸ்ட்ராப் மாத்திக் குடுத்தேன், மூணுலயும் அதே தடிப்பு. நானும் மட்டமான தோல்னுதான் நெனச்சேன். கடைசில மதுரைல ஒரு தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பண்ணாங்க, முதுகுல சின்னச் சின்னதா மருந்து ஒட்டி 2 நாள் கழிச்சு எடுத்து, அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாத்தாங்க. குரோமியம் வச்ச எடம் மட்டும் சிவந்து பொங்கியிருந்துச்சு.

இதுதான் விஷயம். சிமெண்ட்ல கொஞ்சம் குரோமியம் இருக்கு, வருஷக்கணக்கா ஈரக் கையோட அதுல வேலை பாத்தா சிலருக்கு உடம்பு அதை எதிரியா எடுத்துக்கும். கடைல வர்ற லெதர் ஸ்ட்ராப்ல பெரும்பாலானது குரோம் உப்பு போட்டுப் பதனிட்டது, வேர்வை ஊறினா அது கொஞ்சம் கொஞ்சமா கசியும். அதனாலதான் எத்தனை லெதர் மாத்தினாலும் அதே கதை. இந்த அலர்ஜி ஒருதடவை வந்தா லேசுல போகாது, கட்டின உடனேயும் காட்டாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் அரிக்கும், அதனால நேத்து நல்லா இருந்துச்சேன்னு ஸ்ட்ராப் மேல சந்தேகமே வராது.

லெதர்தான் வேணும்னா ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டைல பதனிட்டதைக் கேளுங்க. ஓரத்தை வெட்டிப் பாத்தா குரோம் தோல் நடுவுல நீலம் கலந்த சாம்பலா இருக்கும், பட்டைத் தோல் உள்ள பூரா பழுப்பா இருக்கும். ஆனா சாயம் உள்ள வரைக்கும் இறங்கியிருந்தா இது ஏமாத்தும், அதனால ஏற்கனவே அரிப்பு இருக்கறவங்களுக்கு நான் லெதரே குடுக்கறதில்ல. வாட்சுக்கு அடிலயும் போற ஒத்தை நைலான் பட்டைதான் என் முதல் சாய்ஸ், அதுல பின்மூடி தோல்ல படாது. பக்கிள்தான் காரணம்னா டைட்டானியம் பக்கிள் போடுங்க. நிக்கல் கசியுதான்னு பாக்க டைமெத்தில்கிளையாக்சிம் சொட்டு கிட் இருக்கு, பஞ்சுல நனைச்சுத் தேய்ச்சா பஞ்சு ரோஸ் கலராகும். சிலிக்கான்ல அலர்ஜி அபூர்வம், ஆனா வேர்வையை அடைச்சு வைக்கும், தளர்வா கட்டி தினமும் கழுவணும். ரப்பர் அப்படியில்ல, அதைக் காய்ச்சும்போது சேர்க்குற கெமிக்கல் சிலருக்கு ஒத்துக்காது.

கிளீன் பண்றதுக்கு முன்னாடி ஸ்ட்ராப்பைத் தனியா கழட்டிருங்க. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, அதுல நைலான், சிலிக்கான், ஸ்டீல் செயின் எதுவானாலும் அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு பழைய மெத்து பிரஷ்ல தேய்ங்க, செயின்ல கண்ணிக்கு இடுக்குலதான் கருப்பா அழுக்கு நிக்கும். சோப்பு சுத்தமா போற வரைக்கும் அலசுங்க, கடைசி அலசல் குடிதண்ணில இருக்கட்டும், எங்க பக்கத்து போர் தண்ணி காஞ்சா வெள்ளையா உப்புப் படியும். நிழல்ல முழுசா காயவிட்டு, கையும் காஞ்சிருக்கும்போது கட்டுங்க. லெதரை ஊறவைக்காதீங்க, ஈரத்துணில துடைச்சாப் போதும், சானிடைசர் வேண்டாம். வாட்ச் தலையையும் முக்காதீங்க, 30 மீட்டர்னு போட்டிருந்தாலும் அது தண்ணி தெறிச்சா தாங்குற அளவுதான். சாவி உள்ள அமுங்கியிருக்கான்னு பாத்துட்டு ஈரத்துணில துடைச்சு, பின்மூடி ஓரத்து அழுக்கை மரப் பல்குத்தியால எடுங்க.

தடிப்பு ஆறுற வரைக்கும் அந்தக் கைல எதுவும் கட்டாதீங்க, மருந்துக்கடைல சொல்லி ஸ்டீராய்டு ஆயின்மென்ட் வாங்கிப் பூசாதீங்க. நீர் வடிஞ்சாலோ, ரெண்டு வாரம் எதுவும் கட்டாம இருந்தும் ஆறலன்னாலோ தோல் டாக்டரைப் பாருங்க, போகும்போது பழைய ஸ்ட்ராப்பையும் கையோட கொண்டு போங்க, அதுல ஒரு துண்டை வச்சே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்.