அரபி ஒப்பந்தத்துக்குச் சொற்பட்டியல்: சொல்லை அல்ல, பொருளைப் பதியுங்கள்

கேள்வி: நீளமான அரபி ஒப்பந்தத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். ஒரே சொல்லுக்கு 50ஆம் பக்கத்தில் ஒன்று, 200ஆம் பக்கத்தில் இன்னொன்று என்று எழுதிவிடுகிறேன். சின்னதாக ஒரு சொற்பட்டியல் எப்படிப் போடுவது?

பதில்:

எக்செல்லில் ஐந்து நெடுவரிசை போதும்: அரபிச் சொல், அதன் பன்மை, எந்தப் பொருளில் வருகிறது, ஆங்கிலச் சொல், போடவே கூடாத ஆங்கிலச் சொல். ஒப்பந்தத்தின் வரையறைப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். பிறகு இரண்டு விதமாக மொழிபெயர்க்க வாய்ப்புள்ள சொல்லை மட்டும் சேருங்கள். எல்லாச் சொல்லையும் ஏற்றினால் பட்டியலைத் திறந்து பார்க்கவே தோன்றாது.

ஐந்தாவது நெடுவரிசைதான் உண்மையில் வேலை செய்கிறது. ஃபஸ்க், இன்ஃபிஸாக், இன்ஹா மூன்றையும் பாருங்கள். அவசரத்தில் மூன்றுமே 'டெர்மினேஷன்' ஆகிவிடும். ஆனால் ஃபஸ்க் என்பது ஒரு தரப்பு கடமை தவறியதால் ஒப்பந்தத்தை முறிப்பது. இன்ஃபிஸாக் என்பது நிறைவேற்றவே முடியாமல் போனதால் அது தானாக முறிவது. இன்ஹா பொதுவாக முடித்துக்கொள்வது. ஃபஸ்குக்கு 'ரெசிஷன்', இன்ஹாவுக்கு 'டெர்மினேஷன்' என்று முடிவு செய்தால், ஃபஸ்க் வரியின் ஐந்தாவது கட்டத்தில் 'டெர்மினேஷன்' என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் வேறு சொல் கேட்டால் அதுவே இருக்கட்டும். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் சரி.

அடுத்த சிக்கல் தேடல். 'அக்த்' (ஒப்பந்தம்) என்று தேடினால் பன்மையான 'உகூத்' கிடைக்காது, ஏனென்றால் நடுவில் ஒரு வாவ் எழுத்து நுழைந்துவிடுகிறது. மறுபக்கம், 'சிக்கலான' என்று பொருள்படும் 'முஅக்கத்' வந்து மாட்டும், அதற்குள்ளும் அதே மூன்றெழுத்து இருப்பதால். அதனால் ஒரு சொல்லின் பல வடிவங்களை ஒரே சூத்திரத்தில் தேடும் ரெகெக்ஸ் வசதியுள்ள எடிட்டரில் இப்படித் தேடுங்கள்:

```
(?<![ء-ي])[وف]?(ال|بال|كال|لل|[بكل])?(عقد|عقود)(ا|ه|ها|هم|هما|نا|ان|ين)?(?![ء-ي])
```

முன்னொட்டு, பன்மை, பின்னொட்டு மூன்றையும் இது பிடிக்கும். தேடும் முன் கோப்பின் ஒரு நகலில் உயிர்க்குறிகளையும் (`U+064B` முதல் `U+0652` வரை) எழுத்தை நீட்டும் கோட்டையும் (`U+0640`) நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அவை எழுத்துகளுக்கு நடுவே நின்று பொருத்தத்தைக் கெடுக்கும்.

ரெகெக்ஸால் தீராத ஒன்றும் உண்டு. உயிர்க்குறி இல்லாத எழுத்தில் ஒப்பந்தம், பத்தாண்டு, 'கூட்டம் நடத்தப்பட்டது' என்பதில் வரும் வினை மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குத்தான் மூன்றாவது நெடுவரிசை: இந்தச் சொல்லுக்கு மூன்று வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூலத்திலிருந்து ஒரு சிறு தொடரை எடுத்து வையுங்கள். கிடைத்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

சரிபார்க்கும்போது தலைகீழாகப் போங்கள். ஆங்கிலக் கோப்பில் 'டெர்மினேஷன்' என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் நேரான அரபி வரியைப் பாருங்கள். அங்கே ஃபஸ்க் நின்றால் பிழை. வினையாக 'டெர்மினேட்' என்று வந்த இடங்களையும் தனியாகத் தேடுங்கள்; பெரும்பாலும் பிழை ஒளிந்திருப்பது அங்கேதான். நடுவழியில் ஒரு சொல்லை மாற்றினால் அந்த வரியிலேயே தேதி போட்டு, முந்தைய பக்கங்களை அன்றே திருத்திவிடுங்கள்.